நான்கு உண்மைகளும் எண்வழிப் பாதையும்

சாரநாத்தின் மான் பூங்காவில் ஐந்து துறவிகளுக்குப் புத்தர் ஆற்றிய முதல் உரையில், நான்கு உண்மைகளும் அவற்றுக்குரிய செயலோடு வருகின்றன. தேர்வுக்குப் படிப்போர் பலர் விட்டுவிடுவது இந்தச் செயலைத்தான். துக்கம் உண்டு, அதைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் காரணம் வேட்கை. அதைக் கைவிட வேண்டும். வேட்கை அற்றால் துக்கமும் அறும். அந்த நிலையை நேரில் உணர வேண்டும். அதற்கு வழி எண்வழிப் பாதை. அதைப் பயில வேண்டும்.

‘வாழ்வு முழுதும் துன்பமே’ என்று மட்டும் எழுதினால் விடை பிழைபடும். இன்பம் உண்டென்பதைப் புத்தர் மறுக்கவில்லை. அது நிலைக்காது என்றார். ஆசையாக வாங்கிய புதிய கைபேசி சில மாதங்களில் சலித்து, அடுத்த மாடலின் மேல் மனம் போகிறது. அங்கே துக்கத்துக்குக் காரணம் கைபேசி அல்ல, அதைப் பற்றிக்கொள்ளும் வேட்கை.

பாதையின் எட்டு உறுப்புகளும் மூன்று பிரிவுகளில் அடங்கும். நற்பேச்சு, நற்செயல், நல்வாழ்க்கை ஆகியவை ஒழுக்கம். நன்முயற்சி, நல்விழிப்பு, நல்ல தியானம் ஆகியவை மனப்பயிற்சி. நற்காட்சி, நல்லெண்ணம் இரண்டும் ஞானம். ஒன்றை முடித்த பிறகே அடுத்தது என்ற வரிசை இவற்றுக்கு இல்லை. பொய் சொல்லாதிருக்க ஒருவர் முயலும்போதே பேச்சும் முயற்சியும் விழிப்பும் சேர்ந்து இயங்குகின்றன.