ஆடிட்டருக்குப் போன கோப்பும் அதன் மேல் வைத்த இரண்டு தாள்களும்



அறக்கட்டளையின் 2024–25 கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்தாகிவிட்டதா என்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது சிலர் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். எப்படிக் கொடுத்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். மஸ்ஜித், மதரஸா, சங்கம் என்று ஏதாவது ஒன்றின் கணக்கைப் பார்க்கிறவர்கள் நம் ஜமாஅத்தில் பலர் இருக்கிறார்கள். தவிர, இந்தக் கோப்பில் உள்ள சில கேள்விகளுக்குப் பதில் உங்கள் வீடுகளில்தான் இருக்கிறது.

போன வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடிட்டர் கேட்டவற்றை எல்லாம் சேர்த்து, ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினோம். வவுச்சர், ரசீதுப் புத்தகம், பாஸ்புக் ஜெராக்ஸ் என்று பை நிறைய இருந்ததால், எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தோம். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில்தான் அந்த ஜெராக்ஸ் மார்ச் 12-ஆம் தேதியோடு நின்றுபோயிருப்பது தெரிந்தது. கடைசிப் பத்தொன்பது நாள் வரவு செலவு அதில் இல்லை. அந்த வருடம் ரமலான் மார்ச்சில் வந்ததால், ஜகாத் பணம் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வந்திருந்தது. தணிக்கை அறிக்கையைச் செப்டம்பர் 30-க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும். நம்மைப் போன்ற சிறிய அறக்கட்டளைக்கு அது படிவம் 10பிபி. அது தவறினால் வரி விலக்கே கேள்விக்குள்ளாகும். வங்கிக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் அலைந்து எப்படியோ முடித்தோம். தவறு முழுக்க எங்களுடையது.

இந்த முறை கோப்பின் மேல் இரண்டு தாள் வைத்தோம். ஒன்று கோப்பு அட்டவணை, அதாவது எதை அனுப்பியிருக்கிறோம் என்பது. மற்றொன்று நிலுவைப் பட்டியல். எது இன்னும் வரவில்லை, ஏன் வரவில்லை, யார் எந்தத் தேதிக்குள் தருவார் என்பது அதில் இருக்கும்.

அட்டவணைக்கு நாங்கள் வேறு எண் போடவில்லை. ஆடிட்டர் கடிதத்தில் பதினான்கு கேள்வி இருந்தது. அதே எண்களைத்தான் வைத்தோம். அவர் 3 என்று கேட்டது நம் கோப்பிலும் 3. மின்னஞ்சலில் அனுப்பிய நகலின் பெயரும் அதே எண்ணில்தான் தொடங்கும்: `03-bank-2024-04-to-2025-03.pdf`. ஒவ்வொரு வரியிலும் ஆவணத்தின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை பக்கம், அசலா நகலா என்று எழுதினோம். "வங்கி அறிக்கை" என்று மட்டும் எழுதினால் போன வருடத் தவறு மறுபடியும் ஒளிந்துகொள்ளும். "01-04-2024 முதல் 31-03-2025 வரை, 22 பக்கம்" என்று எழுதப் போகும்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும். குறை அங்கேயே தெரிந்துவிடும்.

பொருந்தாத கேள்விகளையும் வெறுமனே விடவில்லை. விட்டால், இல்லாததால் விட்டோமா மறந்து விட்டோமா என்று அவருக்குத் தெரியாது. "வெளிநாட்டு நன்கொடை: இல்லை" என்று எழுதினோம். அதை எழுதும் முன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைகளின் விவரத்தைப் பார்த்தோம். இந்தியக் குடிமகனாக இருக்கிறவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும். அதனால்தான் பாஸ்போர்ட் நகல் கேட்டோம். யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

இனி நிலுவைப் பட்டியல். மார்ச் 31 அன்று வங்கி அறிக்கையில் இருப்பு ரூ. 1,84,300. நம் புத்தகத்தில் ரூ. 1,68,800. வித்தியாசம் ரூ. 15,500. இதைப் பார்த்ததும் பொருளாளர் பாய்க்கு அன்று இரவு தூக்கம் இல்லை. தேடிப் பார்த்ததில், மார்ச் கடைசியில் மருந்துக் கடைக்குக் கொடுத்த ரூ. 6,000 காசோலையும் ஒரு மாணவிக்கான ரூ. 4,500 காசோலையும் ஏப்ரலில்தான் வங்கியில் பணமாகியிருந்தன. அது ரூ. 10,500. இதற்குக் காரணமும் ஆதாரமும் இருப்பதால், இது நிலுவை இல்லை. விளக்கத் தாளோடு கோப்பில் போய்விட்டது. மீதி ரூ. 5,000 டிசம்பர் 17 அன்று நேரடியாக வங்கிக் கணக்கில் வந்தது. யார் அனுப்பியது என்று தெரியாததால் புத்தகத்தில் ஏறவே இல்லை. பட்டியலில் அதை இப்படி எழுதினோம்: "கேள்வி 3, ரூ. 5,000, 17-12-2024, அனுப்பியவர் தெரியவில்லை, கிளைக்குக் கடிதம் கொடுத்தாயிற்று, பொறுப்பு பொருளாளர், ஆகஸ்ட் 25-க்குள்."

பெயர் தெரியாவிட்டால் என்ன, பணம் வந்ததே என்று ஒருவர் கேட்டார். கல்வி, மருத்துவ உதவி என்று நடக்கும் அறக்கட்டளை, கொடுத்தவரின் பெயரும் முகவரியும் வைத்திருக்க வேண்டும். அப்படி இல்லாத பணம் வருடத்தில் ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் நூற்றுக்கு ஐந்து, இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. சமயப் பணிக்காக மட்டுமே இருப்பவற்றுக்கு இந்த விதி இல்லை. நம் ரூ. 5,000 அந்த வரம்புக்கு வெகு தூரம்தான். ஆனாலும் பெயர் தெரியாத வரவு என்றே அதை ஆடிட்டரிடம் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் பெயரில் ரசீது போட்டுச் சரிக்கட்டக் கூடாது.

இரண்டாவது நிலுவையை எழுதத்தான் கை கூசியது. ஒரு கல்லூரிக்குப் பிள்ளைகளின் கட்டணமாக ஒரே நாளில் ரூ. 12,000 ரொக்கமாகக் கட்டிவிட்டோம். ஒருவருக்கு ஒரு நாளில் ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை அறப்பணிச் செலவாக எடுத்துக்கொள்ளப்படாது. வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவு செய்தோம் என்று காட்ட வேண்டிய இடத்தில் அந்த 12,000 விழுந்துவிடும். ஆறாயிரம் ஆறாயிரமாக இரண்டு தேதியில் வவுச்சர் எழுதிவிடலாமே என்று யோசனை வந்தது. கல்லூரி ரசீதில் ஒரே தேதிதான் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் அப்படி எழுதுவது பொய். "ரொக்கம், ரூ. 12,000, ஒரே நாள், எங்கள் கவனக்குறைவு" என்று பட்டியலில் நாங்களே எழுதிக் கொடுத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இது போனாலும் 85 சதவீதம் குறையாது என்று ஆடிட்டர் சொன்னார். காணாமல் போன இரண்டு வவுச்சர்களையும் மறுபடி எழுதியபோது இன்றைய தேதியே போட்டு, "அசல் கிடைக்கவில்லை, பின்னர் எழுதியது" என்று குறித்தோம்.

ஜகாத் வாங்கியவர்களின் பட்டியலைப் பற்றிப் பல வீடுகளில் கவலை இருக்கிறது. அட்டவணையில் யார் பெயரும் இல்லை. "பயனாளிகள் பட்டியல், வரிசை எண் 1 முதல் 63 வரை" என்று மட்டும்தான் இருக்கிறது. பெயரும் கையெழுத்தும் உள்ள தாள் தனி உறையில் ஒட்டி ஆடிட்டர் கையில் கொடுக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை, இனியும் அனுப்ப மாட்டோம்.

அசல் எதையும் அனுப்பவில்லை. அட்டவணை இரண்டு பிரதி, ஒன்றில் அவர்கள் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். நிலுவை ஒன்று தீர்ந்தால் அந்த வரியை அழிப்பதில்லை. எதிரே தேதி போட்டு "முடிந்தது" என்று எழுதி, புதுப் பிரதி அனுப்புகிறோம். ஒன்பது இருந்தது, இப்போது இரண்டு.

அதில் ஒன்று அந்த ஐயாயிரம். 17-12-2024 அன்று அறக்கட்டளைக் கணக்குக்கு ரூ. 5,000 அனுப்பியவர், அல்லது வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை அனுப்பச் சொன்னவர், பெயரையும் முகவரியையும் ஆகஸ்ட் 25-க்குள் அலுவலகத்தில் தெரிவியுங்கள். அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை இருப்போம். ரசீது அன்றே தரப்படும்.

– செயலாளர்