பெரியப்பாவின் மேசையில் ஒரே ஒரு தாள்

வானொலியில் வேலை செய்கிறேன் என்று தெரிந்தவுடன் என் வயதுக்காரர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்பா கடைக்கு முகநூலில் விளம்பரம் போடலாம்னா ஒத்துக்கவே மாட்டேங்கிறார். நீங்க வந்து கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்." இவர்கள் எல்லாரும் படித்து முடித்து வெளியே வேலை பார்த்துக்கொண்டே குடும்பக் கடைக்கும் கை கொடுப்பவர்கள்.

நான் சொல்லும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்லாதீர்கள், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சாப்பாட்டு மேசையில் பேசினால் அது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடக்கும் வாக்குவாதமாகிவிடும். தாளில் இருந்தால் அது வெறும் கணக்கு. கடைக்காரர்களுக்குக் கணக்கு பார்க்கத் தெரியும். என் சொந்தப் பெரியப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளையே இங்கே தருகிறேன்.

பெரியப்பாவுக்குக் கிள்ளானில் மசாலா அரைக்கும் மில் இருக்கிறது. கறி மசாலா, மீன் மசாலா, மிளகாய்த்தூள் மூன்றும்தான் முக்கிய வியாபாரம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விளம்பர முகவர் வந்து, மூன்று மாதத்துக்கு 3,000 வெள்ளி வாங்கிக்கொண்டு முகநூல் பக்கத்தை நடத்தினார். கடைசியில் வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை கொடுத்தார். இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று எல்லாம் இருந்தது. பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல எத்தனை பேரு தூள் வாங்கினாங்க?" அதற்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து 'டிஜிட்டல்' என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. வானொலியிலும் இதே சிக்கல் உண்டு. விளம்பரம் ஒலிபரப்பானதும் கடைக்கு வந்தவர் அதைக் கேட்டு வந்தாரா, சும்மா வந்தாரா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் "வானொலியில் கேட்டோம் என்று சொல்லுங்கள், கழிவு பெறுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்போம். அந்த வரி கழிவுக்காக மட்டும் அல்ல, தலைகளை எண்ணவும்தான். ஆகவே பெரியப்பாவுக்கான தாள் அவர் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு சோதனையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். டிஜிட்டல் எதிர்காலம் பற்றி அதில் ஒரு வரிகூட வேண்டாம்.

எழுதுவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தம்பியோடு, அதாவது பெரியப்பா மகனோடு, பேசி முடிவு செய்தேன். முதலாவது காலம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் விளம்பரம் போட்டால் விற்பனை கூடத்தான் செய்யும். ஆனால் அது விளம்பரத்தால் கூடியதா, பண்டிகையால் கூடியதா என்று பிரிக்க முடியாது. அதனால் பண்டிகை எதுவும் நெருக்கத்தில் இல்லாத மே மாதத்தை எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது ஊர். கிள்ளானில் விளம்பரம் போட்டால் ஏற்கெனவே வாங்குகிறவர்களே அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போல வாங்குவார்கள். அந்த விற்பனையை விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது நம்மையே ஏமாற்றிக்கொள்வது. சிரம்பானில் எந்தக் கடையிலும் பெரியப்பாவின் மசாலா கிடையாது. அங்கிருந்து ஆர்டர் வந்தால் பெரும்பாலும் அது புது ஆள்தான். மூன்றாவது பொருள். பத்துப் பொருளைக் காட்டினால் எது விற்றது, எதில் லாபம் என்று குழம்பும். ஒரே ஒரு கட்டு போதும்.

தாளில் எழுதியது இதுதான்:

"பெரியப்பாவுக்கு,

மே மாதம் மூன்று வாரம், சிரம்பானுக்கு மட்டும் ஒரு முகநூல் விளம்பரம் போட்டுப் பார்க்க உங்கள் அனுமதி வேண்டும்.

செலவு: ஒரு நாளைக்கு 20 வெள்ளி. 21 நாளைக்கு 420 வெள்ளி. சேவை வரி 8 விழுக்காடு சேர்ந்தால் 453 வெள்ளி 60 காசு. அதற்கு மேல் போகாதபடி உச்சவரம்பு போட்டு வைப்போம்.

விற்பது: மூன்று தூளும் சேர்ந்த ஒரு கட்டு, 45 வெள்ளி. அஞ்சல் செலவு வாங்குகிறவருடையது. சரக்கு, அரைவை, பை எல்லாம் போக நமக்கு 15 வெள்ளி நிற்கும் என்று நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டேன்.

எண்ணுவது: பணம் கட்டிய புது வாடிக்கையாளர்களை மட்டும். லைக் எதுவும் கணக்கில் வராது.

முடிவு: 31 பேர் வாங்கினால் போட்ட பணம் திரும்பிவிடும், தொடரலாம். 20 முதல் 30 பேர் என்றால் இரண்டு மாதம் பொறுத்து, அவர்கள் மறுபடி வாங்குகிறார்களா என்று பார்ப்போம். 20க்குக் கீழே என்றால் நிறுத்திவிடுவோம். நான் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

இடையில் நிறுத்த: முதல் வாரத்தில் 15 பேர்கூட விசாரிக்கவில்லை என்றால் அன்றே நிறுத்துவோம்.

தம்பியின் நேரம்: பதில் எழுத தினமும் ஒரு மணி நேரம். மேலே உள்ள கணக்கில் இது இல்லை. தனியாக எழுதி வைப்போம்."

அவ்வளவுதான். இதில் முக்கியமான எண் 31. போட்ட பணத்தை ஒரு கட்டில் நிற்கும் 15 வெள்ளியால் வகுத்தால் 30க்குச் சற்று மேல் வரும். பலர் இந்த இடத்தில் விற்பனை விலையான 45ஆல் வகுத்துவிடுவார்கள். அப்போது 11 பேர் வாங்கினாலே போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 45 வெள்ளியில் 30 வெள்ளி மிளகாய்க்கும் மல்லிக்கும் கூலிக்கும் போய்விடுகிறது. கடைக்காரர் இதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதோடு தாள் குப்பைக்குப் போகும்.

தோற்றால் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே எழுதியதும் அவருக்குப் பிடித்திருந்தது. முடிவு தெரிந்த பிறகு விதி எழுதினால், எந்த முடிவையும் வெற்றி என்று சொல்லிவிடலாம். பெரியப்பா தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "453 வெள்ளி போனா போகுது. ஆனா நோட்டு நான் பார்ப்பேன்" என்றார்.

அந்த நோட்டுதான் சோதனையின் உயிர். விளம்பரத்தைத் தட்டினால் நேரே கடையின் புலன எண்ணுக்குச் செய்தி வரும்படி அமைத்தோம். "சிரம்பான் கட்டு வேண்டும்" என்ற வரி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், அனுப்பினால் போதும். அந்த வரியைக் கண்டால் விளம்பரத்திலிருந்து வந்தவர் என்று தம்பிக்குப் புரியும். சிலர் வரியை அழித்துவிட்டு "ஹலோ" என்பார்கள். அவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டுவிடுவான். நோட்டில் ஐந்து பத்திகள்: தேதி, செய்தி வந்த நேரம், பதில் போன நேரம், பணம் கட்டினாரா, முன்பே நம் மசாலா வாங்கியவரா.

முகநூலில் ஒரு பதிவின் கீழே Boost post என்ற பொத்தான் இருக்கும். அவசரத்தில் அதைத் தட்டிவிட்டு, எதற்காக விளம்பரம் என்பதைக் கவனிக்காமல் விட்டால், பணம் லைக் சேர்ப்பதற்கே போய்விடலாம். பழைய முகவர் அறிக்கையில் வந்தது அந்த வகை எண்தான். நாம் பார்க்க வேண்டியது Messaging conversations started என்ற எண்ணை. அதையும் நோட்டோடு ஒப்பிட வேண்டும். முதல் செய்தியை அனுப்பிவிட்டு மேற்கொண்டு பேசாமல் போனவர்களும் திரையில் எண்ணப்பட்டிருப்பார்கள். அதனால் கடைசிப் பேச்சு நோட்டுடையதுதான்.

முதல் வாரம் 34 பேர் விசாரித்தார்கள். மூன்று வாரத்தில் மொத்தம் 112 பேர். வாங்கியவர்கள் 29. அவர்களில் 6 பேர் கிள்ளானிலிருந்து சிரம்பானுக்குக் குடிபோன பழைய வாடிக்கையாளர்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர்கள் ஒரு நாள் தேடி வந்திருப்பார்கள் என்று பெரியப்பா அவர்களை அடித்துவிட்டார். மீதி 23. வரவு 345 வெள்ளி, செலவு 453 வெள்ளி 60 காசு. கையிலிருந்து 108 வெள்ளி 60 காசு போயிருக்கிறது.

தாளின்படி இது நடு வகை. இரண்டு மாதம் பொறுத்தோம். 23 பேரில் 9 பேர் அதே கட்டை மறுபடி வாங்கினார்கள். அதில் 135 வெள்ளி வந்தது. மொத்தம் 480 ஆனது; போட்ட விளம்பரப் பணத்துக்கு மேல் 26 வெள்ளி 40 காசு. தம்பிக்கு மகிழ்ச்சி. பெரியப்பா மட்டும் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். "21 மணி நேரம். மணிக்கு 10 வெள்ளின்னு போட்டாலும் 210. அப்ப இன்னும் நட்டம்தானே?" ஆமாம், நட்டம்தான்.

ஆனால் அதே நோட்டில் அவர் கண்ணில் பட்டது இன்னொன்று. இரவு 9 மணிக்கு மேல் வந்த 40 செய்திகளுக்கு மறுநாள் காலையில்தான் பதில் போயிருந்தது. அவர்களில் வாங்கியவர்கள் 4 பேர். ஒரு மணி நேரத்துக்குள் பதில் போன 72 பேரில் 25 பேர் வாங்கியிருந்தார்கள். இரவில் கைத்தொலைபேசியைத் தடவுகிறவர்கள் சும்மா விசாரிப்பவர்களாகவும் இருக்கலாம். இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்கத் தகுந்த சந்தேகம் இது.

இரண்டாவது தாளை நான் எழுதவில்லை, பெரியப்பாவே எழுதினார். அதே ஊர், அதே கட்டு. மாறியது ஒன்றுதான்: விளம்பரம் காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டுமே ஓடும், தம்பி உடனுக்குடன் பதில் போடுவான். பத்து நாள், 200 வெள்ளி, வரி 16 வெள்ளி, தம்பியின் நேரம் 100 வெள்ளி. மொத்தம் 316. அதை 15ஆல் வகுத்து, கீழே 22 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். பாதிப் பணத்தில் ஏறக்குறைய அதே எண்ணிக்கை, கடினமான இலக்குதான்.

"22 வரலைன்னா நிறுத்திடுவேன்ம்மா" என்றார். "வந்துச்சுன்னா அடுத்து தைப்பிங்கைப் பார்ப்போம்."