சுவர் நிற்கிறது, தரை இறங்குகிறது

புது வீட்டில் குடியேறி ஒரு மழைக்காலம் கடந்ததும், சுவரின் அடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங்குக்கும் தரை டைலுக்கும் நடுவே சில வீடுகளில் மெல்லிய கோடு ஒன்று விழும். வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைப்பார்கள். நாலைந்து மாதத்தில் அதே இடம் மறுபடி திறந்து, விரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிடும். பழி பெரும்பாலும் டைல் ஒட்டியவர் மேல் விழுகிறது. ஆனால் டைல் வருவதற்கு மாதங்கள் முன்பே, பேஸ்மென்டுக்குள் மண்ணைக் கொட்டிய அன்றே கோளாறு உள்ளே போய்விட்டது.

சுவர் இறங்காமல் தரை மட்டும் இறங்குவது எப்படி? இரண்டும் நிற்கும் இடம் வேறு. சுவரின் பாரம் பிளிந்த் பீம், தூண் வழியாக, கடினமான இயற்கை மண்ணில் போட்ட ஃபுட்டிங்குக்குப் போய்ச் சேர்கிறது. தரைக்கு அந்த ஆதரவு கிடையாது. பீம்களுக்கு நடுவே கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் மூன்று நான்கு அங்குலத்துக்கு கான்கிரீட் போட்டு, அதன் மேல் டைல் ஒட்டுகிறோம். பெரும்பாலும் அந்த கான்கிரீட்டில் கம்பியும் இருக்காது. கீழே இருக்கும் மண் எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவும் தரையில் தெரியும்.

லாரியிலிருந்து கொட்டிய மண்ணுக்குள் கட்டிகளும் துகள்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏடாகூடமாகத் தொற்றிக்கொண்டு நிற்கின்றன. இடையில் காற்று நிறைய இருக்கிறது. படியில் கொட்டிய அரிசியைக் குலுக்கினால் மட்டம் இறங்குவதுபோல, அந்தக் காற்று வெளியேறும்போது மண்ணின் மட்டமும் இறங்கும். காய்ந்திருக்கும்வரை களிமண் பசையும் சிறிதளவு ஈரமும் துகள்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. மழைநீரோ, குளியலறைக் குழாயின் கசிவோ உள்ளே இறங்கியதும் அந்தப் பிடி கரைகிறது. மேலே புதிதாக ஒரு பாரமும் ஏற்றாமலே மண் சரிந்து அமுங்கிவிடுகிறது. பல வீடுகளில் முதல் மழை முடிந்த பிறகே தரை வெடிப்பதற்கு இதுதான் காரணம்.

ஓர் அறையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பேஸ்மென்ட் உயரம் 3 அடி. அறையின் நடுவில் நிரப்பிய மண்ணின் தடிமனும் 3 அடி, அதாவது 36 அங்குலம். அந்த மண் பின்னாளில் நூற்றுக்கு 5 பங்கு அமுங்கினால் நடுப்பகுதி ஒன்றேமுக்கால் அங்குலம் இறங்கும். மூலையில் நிலைமை மோசம். அங்கே தூணுக்காக 5 அடி ஆழத்தில் குழி வெட்டியிருப்பார்கள். ஃபுட்டிங் போக மீதிக் குழியையும் பேஸ்மென்டையும் சேர்த்தால் நிரப்பிய மண் ஏறக்குறைய 7 அடி வரும். அதே 5 பங்கு அங்கே நாலங்குலத்துக்கும் மேல். தரை எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்கினால்கூட இவ்வளவு வெடிக்காது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறங்கும்போதுதான் கான்கிரீட் வளைந்து உடைகிறது. தரையின் ஓரம் பிளிந்த் பீமின் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தால், சுவருக்கு இணையாகச் சற்றுத் தள்ளி ஒரு நீண்ட வெடிப்பு ஓடும்.

அந்தக் குழிகள்தான் வேலையில் பெரிதும் கைவிடப்படும் இடம். குறுகலானவை, ஆள் இறங்கித் திமிசு போட முடியாது. தோண்டிய மண்ணை, உடைந்த செங்கல், சிமெண்டுப் பை, பலகைத் துண்டு என்று கிடைத்ததோடு சேர்த்துத் தள்ளி மூடிவிடுகிறார்கள். பலகை மக்கும்போது அந்த இடமும் வெற்றிடமாகும்.

நடுப்பகுதியிலும் ஒரு தவறு வழக்கமாகிவிட்டது. ஜேசிபி வைத்து 3 அடி மண்ணையும் ஒரே மூச்சில் தள்ளி, மட்டம் பார்த்து, கடைசியில் மேலே மட்டும் இடிக்கிறார்கள். கைத் திமிசானாலும் சிறிய இயந்திரமானாலும் அடியின் விசை அரை அடி, முக்கால் அடிக்குக் கீழே அதிகம் போகாது. மேலே கெட்டியான ஓடு, கீழே இரண்டு அடிக்கும் மேல் உதிரி மண். காலால் மிதித்துப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் திருப்தியோடு போய்விடுவார். 20 சென்டிமீட்டருக்கு மிகாமல் மண்ணைப் பரப்பி, நனைத்து, இடித்து, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் பரப்ப வேண்டும் என்று அரசுக் கட்டுமான விதிமுறை சொல்வது இதனால்தான். 3 அடிக்கு ஐந்து அடுக்கு வரும். இதற்குக் கூடுதலாக ஆகும் இரண்டு மூன்று நாள் கூலியை மிச்சம்பிடிப்பது வீண் சிக்கனம் என்பேன்.

நனைப்பதிலும் அளவு உண்டு. 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர், அணைகளுக்கான மண்ணை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்: ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் ஈர அளவு இருக்கிறது, அந்த ஈரத்தில் இடித்தால்தான் அது மிக நெருக்கமாக அமுங்கும். குறைந்தால் துகள்கள் நகர மறுக்கும். கூடினால் தண்ணீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, கையில் சேறு ஒட்டாமல், கீழே போட்டால் சில துண்டாக உடைந்தால் ஈரம் ஏறத்தாழ சரி. ஹோஸ் பைப்பை இரவெல்லாம் திறந்துவிட்டுத் தண்ணீர் கட்டி வைப்பது மணலுக்கு ஓரளவு பலிக்கும், தண்ணீர் அடியில் வடிந்து போகும் இடமாக இருந்தால். களி கலந்த மண்ணில் அது சேறாக்கி, காயும்போது சுருங்கவைக்கும். அதனால்தான் பேஸ்மென்டுக்குக் கிராவலே நல்லது.

சரியாக இடித்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, 12 எம்எம் கம்பியைச் செங்குத்தாக அழுத்துவது. மேல் ஓட்டைத் துளைத்த பிறகு கை அழுத்தத்திலேயே சரசரவென்று இறங்கினால் கீழே உதிரிதான். அளந்து பார்க்க வேண்டுமென்றால் ஒரு லிட்டர் கொள்ளும் இரும்பு உருளையை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே வந்த மண்ணைக் காயவைத்து எடை போடுவார்கள். ஆய்வகத்தில் அதே மண் லிட்டருக்கு 1.8 கிலோ வரை அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீதம் என்று கேட்டால் தளத்தில் குறைந்தது 1.71 கிலோ வர வேண்டும். 1.5 கிலோதான் வந்தால் 83 சதவீதம். அந்தத் தரை இறங்கும். ஒவ்வோர் அடுக்கிலும், குறிப்பாகத் தூண் குழியின் மேல், இதைப் பார்ப்பது நல்லது.

தரையில் வரும் எல்லாக் கோளாறுக்கும் நிரப்பு மண் காரணமல்ல. தட்டினால் ‘டொக்டொக்’ என்று ஒலிப்பது, அடியில் கலவை சரியாகப் பரவாத டைலாகவும் இருக்கலாம். கரிசல் மண் பகுதியில் ஈரம் பட்டு மண் ஊதி, தரையே மேலெழும்புவதும் உண்டு. மட்டக் குழாயை வைத்து அறையின் மூலைகளையும் நடுவையும் அளந்தால் இறக்கமா ஏற்றமா என்று தெரிந்துவிடும்.

பழுது பார்க்கும்போது டைலை மட்டும் மாற்றுவது வீண் செலவு. முதலில் தரைக்கடியில் ஓடும் குழாய்களைச் சோதிக்க வேண்டும். மண் இறங்கும்போது இணைப்புகளும் விலகி, அந்தக் கசிவே மண்ணை மேலும் இறக்கும். அடுத்து, இறங்கிய அறையின் தரையை உடைத்து, உதிரி மண் தீரும்வரை அள்ளி, அடுக்கடுக்காகக் கிராவல் போட்டு இடிக்க வேண்டும். சுவரோரத்தில் ஃபுட்டிங்குக்குக் கீழே தோண்டக் கூடாது. ஐந்தாறு அடிக்கு நிரப்பிய மண் என்றால் அவ்வளவையும் அள்ளுவது நடைமுறையில் முடியாது. அங்கே மண்ணை நம்பாமல், பிளிந்த் பீமிலிருந்து பீமுக்குக் கம்பி கட்டிய சிலாப் போட்டுத் தரையைத் தாங்கவைப்பதே சரி. அதற்குப் பீமும் ஃபுட்டிங்கும் தாங்குமா என்று பொறியாளர் கணக்கிட்ட பிறகே கம்பி வெட்ட வேண்டும்.