மனுவுக்கும் விலை உண்டு: வாரக் கணக்கு வைத்த மைசூர் வாலிபர்

மைசூர் அசோகபுரத்தில் ரயில்வே பணிமனை இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவரின் மகன், பகலில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள சிறு வியாபாரிகளின் வரவு செலவுகளைச் சரிபார்த்துக் கொடுப்பது அவருடைய இரவு வேலை.

இந்த வேலைகள் அப்வொர்க் என்ற இணையச் சந்தையின் மூலம் கிடைக்கின்றன. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்று தனித்தனியாக இருந்த இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகி, 2015-ல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டன. வேலை கொடுப்பவர் விளம்பரம் போடுவார். வேலை வேண்டுவோர் மனுப் போட வேண்டும். மனுப் போட "கனெக்ட்" என்ற சீட்டுகள் தேவை. ஒரு கனெக்ட்டின் விலை 15 அமெரிக்க சென்ட். நம் பணத்தில் சுமார் 13 ரூபாய், வரி தனி. ஒரு மனுவுக்கு எத்தனை கனெக்ட் என்பது வேலைக்கு வேலை மாறும். பத்து, பதினைந்து போவது சாதாரணம். வேறொருவருக்கு வேலை போய்விட்டால் கட்டிய கனெக்ட் போனதுதான்.

"வேலை கேட்டு மனுப் போடவே பணம் கட்டணுமா? நான் ரயில்வேக்கு மனுப் போட்டப்போ ஒரு போஸ்டல் ஆர்டரோட முடிஞ்சுதேடா!" என்றார் தகப்பனார்.

"ஒரு மனுவோட முடிஞ்சா பரவாயில்லையே அப்பா. வாரா வாரம் போடணுமே" என்றார் மகன்.

அவருடைய சிக்கல் அதுதான். முதலில் கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் மனுப் போட்டார். கனெக்ட் தீர்ந்ததும் மறுபடி வாங்கினார். சீட்டுக் கட்ட மனைவி எடுத்து வைத்திருந்த பணத்திலும் ஒரு மாதம் கை வைக்க நேர்ந்தது. அன்று இரவே கடையில் எழுதுவது போல இதற்கும் ஒரு பேரேடு போட்டார்.

வாரத்துக்கு 60

முதலில் ஓர் எல்லை வகுத்தார். வாரத்துக்கு 60 கனெக்ட். அதாவது 9 டாலர், சுமார் 780 ரூபாய். இந்த எண்ணுக்கு இரண்டு காரணங்கள். போனாலும் குடும்பச் செலவைத் தொடாத பணம் அவ்வளவுதான். மேலும், விளம்பரத்தை முழுதாகப் படித்து, அதற்கென்றே மனு எழுத அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. கடை வேலையும் பார்த்துக்கொண்டு வாரத்துக்கு ஐந்தாறு மனுவுக்கு மேல் ஒழுங்காக எழுத முடியாது. நல்ல வேலை வராத வாரத்தில் மீதியை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோவார். அடுத்த வாரத்துப் பங்கை முன்கூட்டி எடுப்பதில்லை.

பேரேட்டில் ஒரு மனுவுக்கு ஒரு வரி. தேதி, வேலையின் வகை, கட்டிய கனெக்ட், தான் போடும்போது ஏற்கெனவே வந்திருந்த மனுக்கள், வேலை கொடுப்பவர் திறந்து பார்த்தாரா, பதில் வந்ததா, வேலை கிடைத்ததா, கிடைத்தால் எவ்வளவு பணம் என்று எழுதினார். சில சமயம் கனெக்ட் திரும்பி வருவதுண்டு. அதைச் செலவில் கழித்துவிடுவார்.

எட்டு வாரத்துக் கணக்கு

எட்டு வாரத்தில் 42 மனுக்களுக்கு 480 கனெக்ட், அதாவது 72 டாலர் செலவு. கிடைத்தவை நான்கு வேலைகள். மொத்தம் 320 டாலர். மேலோட்டமாகப் பார்த்தால் லாபம்தான். வகை வகையாகப் பிரித்தபோதுதான் உண்மை தெரிந்தது.

தகவல் பதியும் வேலைக்கு 22 மனுக்கள் போட்டிருந்தார். மனுவுக்குப் பத்தே கனெக்ட் என்பதால் அது மலிவாகத் தோன்றியது. 220 கனெக்ட், 33 டாலர் போயிற்று. கிடைத்தது ஒரே வேலை, 20 டாலர். அந்த வேலைக்குத் தளம் பிடித்த கமிஷன் 10 சதவீதம் போகக் கையில் நின்றது 18 டாலர். நஷ்டம் 15 டாலர். சுமார் 1,300 ரூபாய்.

கணக்கு சரிபார்க்கும் வேலைக்கு மனு ஒன்றுக்கு 15 கனெக்ட் ஆனது. விலை அதிகம் என்று தயங்கித் தயங்கி 12 மனுக்கள்தான் போட்டார். 180 கனெக்ட், 27 டாலர் செலவு. இரண்டு வேலைகள் கிடைத்து 270 டாலர் வந்தது. தமிழ் மொழிபெயர்ப்புக்கு எட்டு மனுக்கள், 80 கனெக்ட், 12 டாலர். ஒரு வேலை, 30 டாலர்.

மனுவின் விலை வேறு, ஒரு வேலையைப் பிடிக்க ஆகும் விலை வேறு. பத்து கனெக்ட் மனுவில் ஒரு வேலை பிடிக்க 220 கனெக்ட் ஆகியிருக்கிறது. பதினைந்து கனெக்ட் மனுவில் 90-தான் ஆகியிருக்கிறது. தகவல் பதிவது எவரும் செய்யக்கூடிய வேலை. ஐம்பது பேர் மனுப் போட்ட பிறகு போய்ச் சேர்ந்த மனுவை யாரும் திறக்கவே இல்லை. கணக்கு வேலைக்கோ கடையில் பழகிய அனுபவம் சாட்சி சொன்னது.

எங்கே பழுது?

பேரேடு இன்னொன்றும் காட்டும். மனுவைத் திறந்தே பார்க்கவில்லை என்றால், தாமதமாகப் போட்டிருக்கலாம், அல்லது வெளியில் தெரியும் முதல் இரண்டு வரிகள் எடுபடாமல் போயிருக்கலாம். திறந்தும் பதில் இல்லை என்றால், மனுவின் உடலிலோ கேட்ட கூலியிலோ குறை இருக்கலாம். பதில் வந்து பேசியும் வேலை கிடைக்கவில்லை என்றால் பேச்சைச் சரிபார்க்க வேண்டும். முதல் வகைப் பழுதுக்கு அதிகக் கனெக்ட் வாங்குவது பரிகாரம் ஆகாது.

கூடுதல் கனெக்ட் கட்டி முன்வரிசையில் நிற்கும் ஏலமும் அங்கே உண்டு. அதில் இறங்குகிறவர் அந்தச் செலவைத் தனிப் பத்தியில் எழுதாவிட்டால், மனு எடுபட்டதா, பணம் எடுபட்டதா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

கணக்கிலும் ஏமாற்றம் உண்டு. மனுப் போட்டு மூன்று வாரம் கழித்துக்கூட வேலை வரும். ஆகவே கிடைத்த வேலையை, அது கிடைத்த வாரத்தில் அல்ல, மனுப் போட்ட வாரத்தின் வரியிலேயே எழுத வேண்டும். அதே ஆள் மறுபடி கொடுக்கும் வேலையையும் அந்த வரியில்தான் சேர்க்க வேண்டும். மூன்று மனு தோற்றதும் ஒரு வகையைக் கைவிடுவதும் தவறு. ஒரே வெற்றியை நம்பி அகலக்கால் வைப்பதும் தவறு. தமிழ் மொழிபெயர்ப்பில் எட்டு மனுக்களுக்குக் கிடைத்த ஒரு வேலை அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இன்னும் சில வாரம் பார்க்க வேண்டும்.

இப்போது அவர் தகவல் பதிவை விட்டுவிட்டார். அறுபதில் 45 கணக்கு வேலைக்கு, 10 மொழிபெயர்ப்புக்கு, 5 கையிருப்பு. வேலை கொடுப்பவர் பணம் செலுத்தும் வழியை உறுதி செய்திருக்கிறாரா, முன்பு யாரையாவது அமர்த்தியிருக்கிறாரா என்று பார்த்த பிறகே கனெக்ட்டைத் தொடுகிறார். அவர்களாகக் கூப்பிட்டு அழைப்பு அனுப்பினால் கனெக்ட் செலவே இல்லை. அந்த அழைப்புக்கு முதலில் பதில் போகிறது.

சென்ற வாரம் தோதான வேலை ஒன்றுதான் வந்தது. 15 கனெக்ட் செலவு, 45 மிச்சம். மனைவியின் சீட்டுப் பணம் அன்றைக்கே கட்டப்பட்டது. பேரேட்டைப் புரட்டிப் பார்த்த தகப்பனார், "இந்த வாரம் ஒரு மனுதானா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் அப்பா. மத்ததெல்லாம் நமக்குள்ள வேலை இல்லே" என்று சொல்லிவிட்டு மகன் பேரேட்டை மூடி வைத்தார்.