போர்டு எரியுது, முகம் தெரியலை!

இரவில் கடைத்தெருவை வீடியோ எடுத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். கடையின் போர்டு எழுத்தே படிக்க முடியாமல் எரிகிறது. அதன் கீழே நிற்பவரின் முகமோ இருட்டில் கிடக்கிறது. எடிட்டிங்கில் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் படம் முழுக்க 'கிரெயின்ஸ்' அடிக்கிறது.

இந்த நாய்ஸை எடிட்டிங் உண்டாக்குவதில்லை. இருட்டான இடத்திலிருந்து கேமராவின் சென்சாருக்கு வரும் வெளிச்சம் மிகக் குறைவு. அதுவும் சீராக வருவதில்லை. அந்தத் தடுமாற்றம் படத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. நிழலைத் தூக்கும்போது அதுவும் சேர்ந்து மேலே வருகிறது. எரிந்துபோன விளக்கின் கதை வேறு. அங்கே சென்சார் நிரம்பி வழிந்துவிட்டது. மீட்டெடுக்க உள்ளே எதுவும் இல்லை. நிழலில் அழுக்கோடாவது விவரம் இருக்கும், எரிந்த இடத்தில் அதுவும் இருக்காது. ஆகவே வெளிச்சத்தைப் படமெடுக்கும்போதே காப்பாற்ற வேண்டும், நிழலைப் பிறகு கவனிக்கலாம்.

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். மேலே தெருவிளக்கு, நெற்றியில் சிவப்பு நியான் போர்டு, கீழே டீ மாஸ்டர். தெருவிளக்கின் பல்பு எரிந்தால் பரவாயில்லை. நம் கண்ணுக்கும் அது அப்படித்தான் தெரியும். போர்டின் எழுத்து எரியக் கூடாது. அதைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும், ஆனால் மாஸ்டரின் முகம் முற்றிலும் மறையும் அளவுக்கு அல்ல. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால், விளக்குகள் படத்தில் துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

சிவப்பு நியானில் ஒரு பொறி உண்டு. கேமராவின் ஜீப்ரா கோடுகள் பொதுவாக மொத்த வெளிச்சத்தைத்தான் அளக்கின்றன. அந்தக் கணக்கில் சிவப்பின் பங்கு சுமார் 21 சதவீதம், நீலத்தின் பங்கு 7 சதவீதம்தான். சிவப்பு முழுதாக நிரம்பி எழுத்து அழிந்த பிறகும், 'இன்னும் இடமிருக்கிறது' என்றே ஜீப்ரா சொல்லும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் RGB Parade வரைபடத்தில் சிவப்பு மட்டும் கூரையில் முட்டித் தட்டையாகக் கிடப்பது பளிச்சென்று தெரியும். கேமராவில் அது இல்லையென்றால், நியானுக்காக இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுப்பது நல்லது.

எடிட்டிங்கில் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். நிழலைத் தூக்குவதற்கு முன்பே நாய்ஸைக் குறைத்துவிட வேண்டும். டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பில் இருக்கும் Temporal NR அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுச் சராசரி எடுக்கிறது. நாய்ஸ் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், சுவர் மாறாது. நான்கு ஃபிரேம்களின் சராசரியில் நாய்ஸ் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் டீ ஆற்றும் கை அசைகிறதே! அளவு கூடினால் அந்தக் கைக்குப் பின்னால் நிழல்போல ஒரு வால் நீளும். அதைக் கண்டதும் குறைத்துவிடுங்கள். நிறப்புள்ளிகளை அடக்கும் Chroma அளவை மட்டும் தாராளமாக வைக்கலாம். நிறத்தின் நுணுக்கம் குறைவதை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

அடுத்தது நிழல். Lift சக்கரத்தைத் திருப்பினால் கறுப்பும் சேர்ந்து உயர்ந்து படம் சாம்பல் பூத்துவிடும். அதற்குப் பதில் Curves திறந்து, கறுப்புப் புள்ளியைத் தொடாமல், நடுப்பகுதியில் ஒரு புள்ளி வைத்து நிறுத்திக்கொண்டு, முகம் விழும் கீழ்ப்பகுதியை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். மாஸ்டரின் முகம் தெளியும். போர்டு மேலும் எரியாது. பிறகு நிழலின் நிறச்செறிவைக் கொஞ்சம் குறைத்தால் மிச்சமிருக்கும் நிறப்புள்ளிகளும் அடங்கும்.

கடைசியாகப் போர்டு. சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, ஓரங்களை மென்மையாக்கி, செறிவையும் வெளிச்சத்தையும் சற்றே இறக்குங்கள். எழுத்து பிழைத்திருந்தால் வெளிவரும். முழுதாக எரிந்திருந்தால் எவ்வளவு இறக்கினாலும் அழுக்குத் திட்டுதான் மிஞ்சும். அப்படியானால் அதை எரியவே விட்டுவிடுவது மேல்.

படத்தை நிறுத்திவைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஓடவிட்டுப் பாருங்கள். முகம் மெழுகுப் பொம்மையாகத் தெரிந்தால் நாய்ஸை அளவுக்கு மீறித் துடைத்துவிட்டீர்கள். இருண்ட வானத்தில் பட்டைகள் தெரிந்தால், கோப்பு தாங்காத அளவுக்குத் தூக்கிவிட்டீர்கள். 8 பிட்டில் எடுத்த கோப்பில் இது சீக்கிரமே வரும். முகம் தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மீதித் தெரு இருட்டாக இருந்தால்தான் அது இரவு.