தெரியாத ராசிகளை எண்ணிப் பார்த்தல்

ஒரு மின்சுற்றுப் படத்தைக் கொடுத்து, அதில் ஒரு மின்தடையின் வழியாக எவ்வளவு மின்னோட்டம் செல்லும் என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தங்கள் கைக்கு எந்த முறை நன்றாகப் பழகியிருக்கிறதோ அந்த முறையிலேயே சமன்பாடுகளை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கணு மின்னழுத்த முறை, கண்ணி மின்னோட்ட முறை, தெவினின் தேற்றம் ஆகிய மூன்றில் எதைப் பிரயோகித்தாலும் விடை ஒன்றே என்பது உண்மைதான். ஆனால் அந்த விடையைச் சேர்வதற்கு ஒரு முறையில் அரைப் பக்கமும் மற்றொரு முறையில் இரண்டு பக்கமும் செலவாகக்கூடும் என்பதும், எந்த முறையில் எவ்வளவு செலவாகும் என்பதைச் சமன்பாடு எழுதுவதற்கு முன்பே, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லிவிடலாம் என்பதும் அதே அளவு உண்மை.

எண்ணுவதற்கு வேண்டியவை இரண்டே இரண்டு. முதலாவது கணுக்கள், அதாவது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வந்து கூடும் இடங்கள். இரண்டாவது, ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவரை செல்லும் கிளைகள். கணுக்களில் ஏதேனும் ஒன்றைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு மற்றவற்றின் மின்னழுத்தத்தை அதிலிருந்து அளப்பதால், கணு முறையில் தெரியாத ராசிகளின் தொகை கணுக்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. கண்ணி முறையிலோ, கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து கணுக்களின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் வருவதே தொகை. கோனிக்ஸ்பர்க் நகரில் மாணவராக இருந்தபோதே, 1845-ஆம் ஆண்டில், தம்முடைய பெயரால் இன்று வழங்கும் இரு விதிகளையும் வெளியிட்ட கிர்க்காஃப், ஒரு வலையமைப்பில் ஒன்றையொன்று சாராத சுற்றுகள் எத்தனை என்ற இந்தக் கணக்கையும் 1847-இல் நிறுவிக் காட்டினார்.

பழக்கமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1833-இல் கிறிஸ்டி என்பவர் அமைத்து, பத்தாண்டுகள் கழித்து வீட்ஸ்டன் பிரசித்தப்படுத்தியதால் வீட்ஸ்டன் பெயரையே பெற்றுவிட்ட சமனச்சுற்றைவிட இதற்குப் பொருத்தமானது வேறில்லை. மேலே ஒரு கணு, கீழே ஒரு கணு, இடமும் வலமும் ஒவ்வொன்று என நான்கு கணுக்கள். மேற்கணுவுக்கும் கீழ்க்கணுவுக்கும் இடையே, உள்தடை இல்லாததாகக் கொள்ளத்தக்க 10 வோல்ட் மின்கலம். இடப்புறக் கைகளில் மேலே 20 ஓம், கீழே 30 ஓம். வலப்புறத்தில் மேலே 30 ஓம், கீழே 20 ஓம். இடக்கணுவையும் வலக்கணுவையும் 16 ஓம் தடையுள்ள கால்வனோமீட்டர் இணைக்கிறது. அதன் வழியாகச் செல்லும் மின்னோட்டமே நமக்கு வேண்டும்.

கிளைகள் ஆறு, கணுக்கள் நான்கு. ஆகவே கண்ணி முறையில் தெரியாத ராசிகள் மூன்று. கணு முறையிலும் நான்கில் ஒன்று போக மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் கீழ்க்கணுவைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால், மேற்கணு 10 வோல்ட் என்பதை மின்கலமே சொல்லிவிடுகிறது. அதைத் தெரியாத ராசி என்று எழுதுவது அநாவசியம். எஞ்சியவை இரண்டே. மூன்றுக்கும் இரண்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். அணிக்கோவை முறையில் எல்லா ராசிகளையும் கண்டுபிடிப்பதானால், இரண்டு ராசிகளுக்கு மூன்று அணிக்கோவைகளை விரித்து, இரண்டிரண்டு எண்களின் பெருக்கல் ஆறு செய்ய வேண்டும். மூன்று ராசிகளுக்கு நான்கு அணிக்கோவைகள், அவற்றில் மும்மூன்று எண்களின் பெருக்கல் இருபத்துநான்கு. எங்கேனும் ஒரு குறி தவறிப்போவதற்கு இந்த இருபத்துநான்கில் தாராளமாக இடமுண்டு.

இடக்கணுவின் மின்னழுத்தத்தை x என்றும் வலக்கணுவின் மின்னழுத்தத்தை y என்றும் கொண்டு, ஒவ்வொரு கணுவிலிருந்தும் வெளியேறும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்று எழுதிப் பின்னங்களை நீக்கினால், கிடைப்பவை இவை:

7x − 3y = 24
7y − 3x = 16

இரண்டையும் கூட்டினால் x + y = 10; ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் x − y = 0.8. கால்வனோமீட்டரின் இரு முனைகளுக்கும் இடையே 0.8 வோல்ட், அதன் தடை 16 ஓம். ஆகவே மின்னோட்டம் 0.05 ஆம்பியர், அதாவது 50 மில்லிஆம்பியர். x 5.4 வோல்ட்டும் y 4.6 வோல்ட்டும் ஆவதால், மேலிருக்கும் இரு கைகளிலும் முறையே 0.23, 0.18 ஆம்பியர் செல்கின்றன என்பதும், மின்கலம் மொத்தம் 0.41 ஆம்பியர் கொடுக்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகின்றன. இந்த 0.41-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்கப்பட்டது கால்வனோமீட்டரின் மின்னோட்டம் ஒன்று மட்டும்தான் என்பதைக் கவனித்தவர் இன்னும் சுருக்கமான வழியில் போகலாம். பிரெஞ்சுத் தந்தித் துறையில் பொறியியலாளராக இருந்த தெவினின் 1883-இல் வெளியிட்டதும், அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டிருந்ததுமான தேற்றத்தின்படி, கால்வனோமீட்டரைக் கழற்றிவிட்டால் எஞ்சும் சுற்று முழுவதையும் ஒரே ஒரு மின்கலமாகவும் அதனோடு தொடரில் ஒரே ஒரு தடையாகவும் கருதிவிடலாம். கழற்றிய நிலையில் இடக்கணு 6 வோல்ட், வலக்கணு 4 வோல்ட். வித்தியாசம் 2 வோல்ட். மின்கலத்தின் இடத்தில் வெறும் கம்பியை வைத்துப் பார்த்தால், இடப்புறத்து இரு கைகளும் பக்க இணைப்பாகி 12 ஓம், வலப்புறத்தவையும் அவ்வாறே 12 ஓம், ஆக மொத்தம் 24 ஓம். 2 வோல்ட்டை 24-உம் 16-உம் சேர்ந்த 40 ஓமால் வகுத்தால் அதே 0.05 ஆம்பியர். இங்கே ஒருங்கே தீர்க்க வேண்டிய தெரியாத ராசி ஒன்றுகூட இல்லை. மேலும், கால்வனோமீட்டரை மாற்றி 56 ஓம் தடையுள்ள ஒன்றை வைத்தால் 25 மில்லிஆம்பியர், 176 ஓம் ஆனால் 10 மில்லிஆம்பியர் என்று மனக்கணக்காகவே சொல்லிக்கொண்டு போகலாம். கணு முறையிலோ ஒவ்வொரு தடவையும் சமன்பாடுகளைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். ஆனால் நான்கு கைகளிலும் உள்ள மின்னோட்டங்கள் வேண்டும் என்று கேள்வி மாறிவிட்டால், கணு முறைக்கே முதலிடம். ஏனெனில் தெவினின் கழற்றிய பகுதியைப் பற்றி மட்டுமே பேசுகிறாரேயன்றி, ஒரு தடைக்குள் சுருக்கிவிட்ட சுற்றின் உள்விவரங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது மின்கலத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எந்நிலையிலும் 0.41 ஆம்பியரே தரும் மின்னோட்ட மூலம் ஒன்றை வைப்போம். படத்தில் ஒரு குறியீடுதான் மாறியிருக்கிறது, கணக்கோ தலைகீழாகிவிட்டது. மூலத்தின் மின்னழுத்தம் இனி நமக்குத் தெரியாது; ஆகவே கணு முறையில் மேற்கணுவும் சேர்ந்து மூன்று ராசிகள். கண்ணி முறையில், மூலம் அமைந்த கண்ணியின் மின்னோட்டம் 0.41 என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், மூன்று இரண்டாகிறது. கால்வனோமீட்டருக்கு மேலுள்ள கண்ணியின் மின்னோட்டத்தை p என்றும் கீழுள்ளதன் மின்னோட்டத்தை q என்றும் கொண்டால்:

66p − 16q = 8.2
66q − 16p = 12.3

கழித்துப் பார்த்தால் q − p = 0.05. முன்பு கண்ட அதே 50 மில்லிஆம்பியர், ஆனால் இம்முறை கண்ணிகளின் வழியாக. மின்னழுத்த மூலம் ஒவ்வொன்றும் கணு முறையின் சுமையில் ஒன்றைக் குறைக்கிறது. மின்னோட்ட மூலம் ஒவ்வொன்றும் கண்ணி முறையின் சுமையில் ஒன்றைக் குறைக்கிறது.

இந்தக் கழித்தலில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மின்னழுத்த மூலம் இரு கணுக்களுக்கு நடுவே தனியாக நின்றால்தான் அதற்காக ஒன்றைக் கழிக்கலாம். அதனோடு ஒரு தடை தொடரில் நிற்குமானால், மூலமும் தடையும் சேர்ந்து ஒரே கிளையாகிவிடுவதால், அந்தக் கிளையின் முனையில் உள்ள கணுவின் மின்னழுத்தம் மீண்டும் தெரியாததாகிவிடும். மற்றொரு பிழை, கம்பியால் நேரே இணைந்திருக்கும் இரண்டு புள்ளிகளை, படத்தில் தள்ளித்தள்ளி வரைந்திருக்கிறது என்ற காரணத்தால் இரண்டு கணுக்களாக எண்ணிவிடுவது. அப்படி எண்ணியவருக்கு அது தெரியவரும் விதம் ஒன்றுண்டு: அந்தப் புள்ளிகளுக்கிடையே ஓம் விதியை எழுதப்போனால், பூஜ்யத்தால் வகுக்க வேண்டிய நிலை வந்து நிற்கும். இன்னும், கிளைகள் ஒன்றையொன்று தாண்டாமல் தாளில் வரைய முடியாத சுற்றுகளில் கண்ணி என்பதற்கே பொருளில்லை. அங்கே எண்ணிக்கை எப்படியிருந்தாலும் கண்ணி முறையை விட்டுவிட வேண்டியதுதான்.

முதலில் சொன்ன பிழையை நம் சுற்றிலேயே பார்த்துவிடலாம். அதே 10 வோல்ட் மின்கலத்துக்கு 5 ஓம் உள்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது கணு முறையிலும் மூன்று, கண்ணி முறையிலும் மூன்று. அப்படியானால் தெவினினே கதி என்று கால்வனோமீட்டரைக் கழற்றினால், திறந்த மின்னழுத்தம் எளிதாகவே வந்துவிடுகிறது. ஆனால் தடையைக் காண்பதற்காக மின்கலத்தின் இடத்தில் கம்பியை வைத்ததும், அந்த 5 ஓம் மேற்கணுவுக்கும் கீழ்க்கணுவுக்கும் நடுவே பாலமாக நின்றுகொள்ள, இடக்கணுவிலிருந்து பார்ப்பவருக்கு மறுபடியும் ஒரு முழுச் சமனச்சுற்றே எதிரே தெரிகிறது. எந்தச் சிக்கலை விட்டு ஓடினோமோ அதுவே வேறு வேஷத்தில் வந்திருக்கிறது.

இதற்கு நல்ல உபாயம், சுற்றை வெட்டும் இடத்தை மாற்றிக்கொள்வது. கால்வனோமீட்டரை விட்டுவிட்டு, மேற்கணு கீழ்க்கணுக்களில் வெட்டி, மின்கலத்தை உள்தடையோடு ஒரு பக்கமும் சமனச்சுற்று முழுவதையும் மறு பக்கமும் நிறுத்துவோம். 10 வோல்ட் கொடுத்தால் இந்தச் சமனச்சுற்று 0.41 ஆம்பியர் வாங்கும் என்று முன்பே கண்டிருக்கிறோம்; ஆகவே மின்கலத்தின் கண்ணுக்கு அது 10-ஐ 0.41-ஆல் வகுத்த ஏறக்குறைய 24.39 ஓம் தடை ஒன்றைத் தவிர வேறல்ல. 5 ஓமோடு தொடரில் சேர்ந்து 29.39 ஓம், மேற்கணுவுக்குக் கிடைப்பது 8.3 வோல்ட். கைகள் எல்லாம் ஓம் விதிக்கு உட்பட்டவையாதலால், சுற்றுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் உள்ளிருக்கும் மின்னோட்டங்கள் யாவும் குறையும். கால்வனோமீட்டரின் 50 மில்லிஆம்பியர் 41.5 ஆகிறது; மூன்று ராசிகள் என்று எண்ணிய கணக்கு, முன்பே தீர்த்துவைத்த இரண்டு ராசிகளோடும் ஒரே ஒரு வகுத்தலோடும் முடிந்துவிடுகிறது.