எச்சின்னா என்ன சித்தி?

பிராம்ப்டனிலிருந்து என் அக்கா மகள் ஒரு சனிக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது வெள்ளிக்கிழமை இரவு. கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவள், பதினொரு வயது. எடுத்த எடுப்பில் கேட்டாள்: "சித்தி, எச்சிக்கு இங்கிலீஷ்ல என்ன?"

நான் யோசிக்காமல் "ஸ்பிட்" என்றேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லால்தான் அன்று பள்ளியில் மானம் போயிருந்தது.

நடந்தது இதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தோழி, "ஒரு வாய் குடுடி" என்று இவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கேட்டிருக்கிறாள். இவள் கொடுத்துவிட்டு, ஆச்சி ஆறு மாதம் வந்து தங்கியிருந்தபோது பழக்கியபடி, "வாய வைக்காம அண்ணாந்து குடி" என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று தோழி கேட்டாள். இவளுக்கு வந்த ஒரே விடை "எச்சி". அப்படி என்றால்? "ஸ்பிட்." மேசையைச் சுற்றியிருந்த நால்வரும், "எங்கள் எச்சில் அவ்வளவு அருவருப்பா?" என்று முகம் சுளித்திருக்கிறார்கள். பதறிப்போய் "இல்லை, ஜெர்ம்ஸ்" என்று மாற்றிச் சொன்னாள். அது இன்னும் மோசம். "எனக்கு ஒரு நோயும் இல்லையே" என்று தோழி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆச்சி என்றால் என் அம்மா. திருநெல்வேலிக்காரி. "எச்சிப் படுத்தாதட்டி" என்பதை அவள் ஒரு நாளில் எத்தனை தரம் சொல்வாள் என்று எண்ணினால் நாமஜெபக் கணக்கு வரும். அந்தச் சொல்லை நான் ஒருபோதும் விளக்கக் கேட்டதில்லை, விளக்கியதும் இல்லை. அதனால் அன்று நானும் பேத்தியும் சேர்ந்து, ஆச்சி வீட்டில் எது எச்சில், எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் கிருமியை எடுத்துக்கொண்டோம். குழம்பில் உப்பு சரியா என்று பார்க்க, ஆச்சி கரண்டியை வாயில் வைக்க மாட்டாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிய பிறகுதான் கரண்டியைத் தொடுவாள். இதுவரை கிருமி என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கைக்கு அவள் சோப்புப் போடுவதில்லை. ஒரு கை தண்ணீர் விட்டால் போதும், எச்சில் போய்விட்டது. கிருமி அவ்வளவு சுலபமாகப் போகுமா?

பரிமாறும்போது சாதக் கரண்டி சாப்பிடுகிறவரின் தட்டில் பட்டுவிட்டால் கரண்டி எச்சில். அந்தக் கரண்டி பானைக்குள் போனால் பானைச் சோறு முழுவதும் எச்சில். சாப்பிடுகிற கையால் தண்ணீர்ச் செம்பைத் தொட்டால் செம்பு எச்சில். இங்கெல்லாம் வாய் பட்டதா, உமிழ்நீர் பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பிறகு பேத்தியே ஒன்றைச் சொன்னாள். ஊருக்கு வந்திருந்தபோது அவளுடைய மாமா மகன் கடலைமிட்டாயைச் சட்டை நுனியில் சுற்றி, துணியோடு சேர்த்துக் கடித்து, உடைந்த பாதியை அவளிடம் நீட்டியிருக்கிறான். காக்காக் கடி. தெருவில் புரண்டுவிட்டு வந்த சட்டை அது. சுத்தம் என்று பார்த்தால் வாயே மேல். ஆனால் காக்காக் கடி கடித்தது எச்சில் இல்லை. தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் இதில் மாற்றுக் கருத்து இருக்காது.

எனக்கு விஷயம் பிடிபட்டது கல்யாணப் பந்தியை நினைத்தபோதுதான். இலையின் ஓரத்தில் ஒரு வடை. சாப்பிட்டவர் அதைத் தொடவே இல்லை. வாய் படவில்லை, கை படவில்லை, போட்டது போட்டபடி இருக்கிறது. அவர் எழுந்து போனதும் அந்த வடை என்ன? எச்சில். அதை எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் போட்டால் சமையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

ஆக, எச்சில் என்பது வாயில் ஊறுவது மட்டும் அல்ல. ஒருவர் உண்டதில் மிஞ்சியது எச்சில். சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. அஞ்சு என்ற வினையிலிருந்து அச்சம், மிஞ்சு என்பதிலிருந்து மிச்சம். அதே தடத்தில் எஞ்சு என்பதிலிருந்து எச்சம், எச்சில். பக்கத்து மொழிகளிலும் உறவு உண்டு: தெலுங்கில் எங்கிலி, கன்னடத்தில் எஞ்சலு. தெலங்கானாவில் பதுகம்மா திருவிழாவின் முதல் நாளுக்கே எங்கிலிப்பூ பதுகம்மா என்றுதான் பெயர். சமஸ்கிருதத்தின் உச்சிஷ்டமும் மீந்தது என்ற பொருளில் பிறந்த சொல்தான். உமிழ்நீர் என்ற பொருள் நம் பேச்சில் இன்று முன்னால் வந்து நிற்பதால், ஆங்கிலத்துக்குப் போகும்போது நாம் அந்த வாசல் வழியாகவே நுழைந்து மாட்டிக்கொள்கிறோம்.

எச்சம் என்ற அண்ணன் சொல்லையும் விட முடியவில்லை. பள்ளியில் பெயரெச்சம், வினையெச்சம் என்று உருப்போட்டோமே, அதே எச்சம்தான். 'வந்த' என்றாலும் 'வந்து' என்றாலும் பொருள் முடியாமல், இன்னும் ஏதோ எஞ்சி நிற்கிறது. பறவை போட்டுவிட்டுப் போவதும் எச்சம். ஒருவர் தக்கவரா இல்லையா என்பது அவருடைய எச்சத்தால் தெரியும் என்கிற குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், எச்சம் என்பதற்கு மக்கள் என்றே பொருள் கொண்டார். அந்தக் கணக்கில் பிராம்ப்டனில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற இவளே ஆச்சியின் எச்சம்தான். இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பறவை உதாரணத்தை நான் முதலில் சொல்லியிருக்கக் கூடாது.

"சரி, லெஃப்ட்ஓவர்னு சொல்லிடவா?" என்றாள். அதுவும் சரிப்படாது. அவள் வீட்டுக் குளிர்பெட்டியில் நேற்றைய பிரியாணி இருக்கிறது, அது லெஃப்ட்ஓவர். ஆனால் சட்டியிலிருந்து தனியாக எடுத்து வைத்ததால் அது மிச்சம், எச்சில் இல்லை. அதே பிரியாணி அவள் தட்டில் மீந்தால் எச்சில். இந்த இரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைக்கிறது. அங்கே பிள்ளைகள் வேறு சில சொற்களும் வைத்திருக்கிறார்களாம். கடித்த சிப்ஸை மறுபடி பொதுக் கிண்ணத்துச் சட்னியில் தோய்ப்பது டபுள் டிப்பிங். குடித்தவர் வாயிலிருந்து பாட்டிலுக்குள் திரும்பிப் போவது பேக்வாஷ். எல்லாம் எச்சிலின் ஒவ்வொரு மூலை. தொடாத வடைக்கு ஒன்றும் உதவாது.

மொழிபெயர்ப்பில் ஊறியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் இந்தியில் எழுதிய தன்வரலாற்றின் பெயர் 'ஜூட்டன்'. உண்டவர் இலையில் எஞ்சியது என்று பொருள். மேற்கு உத்தரப்பிரதேசத்தின் பர்லா கிராமத்தில் துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியில் பிறந்தவர் அவர். மேல்சாதி வீட்டுத் திருமணங்களில் பந்திக்கு வெளியே காத்திருந்து, எச்சில் இலைகளைக் கூடையில் சேர்த்து எடுத்து வந்து, மீந்த பூரித் துண்டுகளை வெயிலில் காயவைத்து, மழைக்காலத்துக்குப் பத்திரப்படுத்தியதை எழுதுகிறார். ஒரு திருமணத்தில் அவமானப்படுத்தப்பட்ட அவருடைய தாய், அந்தக் கூடையை அங்கேயே கொட்டிவிட்டு வருகிறார். ஆங்கிலத்தில் கொண்டுவந்த அருண் பிரபா முகர்ஜி தலைப்பை 'ஜூட்டன்' என்றே விட்டுவிட்டார். லெஃப்ட்ஓவர் என்பதில் தீட்டு இல்லை, இந்தச் சொல்லில் அது இருக்கிறது என்பதுதான் காரணம்.

இதைப் பதினொரு வயதுக்காரியிடம் நான் முழுவதும் சொல்லவில்லை. ஆனால் சொல்லின் இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை மட்டும் காட்டினால் அது பாதிச் சொல்தான். யார் எச்சிலை யார் உண்ணலாம் என்பதில் எப்போதும் மேல் கீழ் இருந்திருக்கிறது. அப்பா சாப்பிட்டு எழுந்த இலையிலேயே அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அப்பா ஒரு நாளாவது அம்மாவின் இலையில் உட்கார்ந்ததைப் பார்த்ததில்லை. அன்பு என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். இருக்கலாம், ஆனால் அது ஒரே திசையில் ஓடியது.

இரண்டு திசையிலும் ஓடுகிற இடம் ஒன்று உண்டு. பேத்தி தட்டில் வைத்துவிட்டுப் போன தயிர்ச்சாதத்தை ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு வழித்துச் சாப்பிடுவாள். "ஆச்சி, எச்சி!" என்று இவள் கத்தினால், "பிள்ள எச்சில என்னட்டி எச்சி?" என்பாள். ஆச்சி ஊதி ஆற்றிக் கடித்துப் பார்த்த பாலப்பத்தை இவள் வாயில் வாங்கிக்கொள்வாள். திண்ணனார் என்கிற கண்ணப்பர், வாயில் இட்டுப் பதம் பார்த்த இறைச்சியைக் காளத்தியப்பருக்குப் படைத்ததாகச் சேக்கிழார் பாடியதும் இந்தக் கணக்கில்தான் வரும். பூசைக்கு வந்த சிவகோசரியார் கண்டு பதைத்தார், சாமி பதைக்கவில்லை. கிருமி என்று மொழிபெயர்த்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், விளங்காது.

இதற்கு மேல் பழமொழி வேறு. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்றால் மகா கஞ்சன். சாப்பிடுகிற கையை உதறினால் அதில் ஒட்டிய இரண்டு பருக்கை காக்கைக்குப் போய்விடுமாம். பேத்திக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. தன் அப்பாவைப் பார்த்து உடனே சொல்லவும் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். நான் சொன்னது எதையும் அவள் பள்ளியில் பயன்படுத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் பஞ்சாபி வீட்டுப் பிள்ளை ஒருத்தி புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். இவள் பாட்டிலை அண்ணாந்து குடிப்பதைப் பார்த்ததும் அவள், "ஓ, ஜூட்டா!" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் சிரித்தார்களாம். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று மற்றவர்கள் கேட்டபோது, இரண்டு பேராலும் விளக்க முடியவில்லை.

கடைசியில் விளக்கத்தை விட்டுவிட்டுச் செய்து காட்டியிருக்கிறார்கள். முதலில் கோபித்துக்கொண்ட அதே தோழி பாட்டிலை வாங்கி, தலையைச் சாய்த்து, உதட்டிலிருந்து நாலு விரல் உயரத்தில் பிடித்துக் கவிழ்த்தாள். பாதி சட்டையில். மீதி மூக்கில் ஏறி, இருமித் தள்ளிவிட்டாள். நம் வீட்டுப் பிள்ளை ஓடிப் போய் ஆச்சி தட்டுவதைப் போலவே அவள் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள்.

"எதுக்கு அப்படிச் சொன்னேன்னு கேக்கறா சித்தி," என்றாள் என்னிடம். "புரை ஏறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"